கணுக்கால் மடங்கிவிட்டது: எக்ஸ்ரே வேண்டுமா, வேண்டாமா?

வாசகியின் கடிதம்

"எனக்கு 36 வயது. நேற்று மாலை மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைக் கவனிக்காமல் கால் வைத்து விழுந்துவிட்டேன். இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. 'டொக்' என்று ஒரு சத்தம் வேறு கேட்டது. வலித்தாலும் எழுந்து நொண்டிக்கொண்டே என் அறை வரை நடந்து வந்துவிட்டேன். இன்று காலை வெளிப்பக்கக் கணுவுக்கு முன்னால் முட்டை அளவுக்கு வீங்கியிருக்கிறது. கணு எலும்பை அழுத்தினால் பெரிதாக வலிக்கவில்லை. ஆனால் பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்திக்கொண்டு இருக்குமே, அந்த இடத்தில் விரல் பட்டாலே துடித்துப் போகிறேன். 'இவ்வளவு வீக்கம் இருக்கிறது, கணுக்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும்' என்கிறார் கணவர். 'எலும்பு உடைந்திருந்தால் நடந்திருக்க முடியுமா? விரலெல்லாம் அசைகிறதே, வெறும் சுளுக்குதான்' என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி, டாக்டர்? மாமியாருக்கு 15 வருடமாகச் சர்க்கரை நோய், பாதம் மரத்துப் போயிருக்கிறது. நாளைக்கு அவருக்கே இப்படி ஆனாலும் இதே கணக்குதானா?"

டாக்டரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இன்றோ நாளையோ எடுத்தால் போதும், நள்ளிரவில் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் எடுக்க வேண்டியது கணுக்காலுக்கு அல்ல, பாதத்துக்கு. எக்ஸ்ரே வேண்டும் என்ற அளவில் உங்கள் கணவரின் முடிவு சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம் சரியில்லை. மாமியார் சொன்ன இரண்டு காரணங்களும் காலங்காலமாகப் பலரும் நம்பி வருபவை. அவற்றை மட்டும் நம்பி இருந்துவிட்டால் முறிவு கண்ணில் படாமல் போய்விடும்.

கால் மடங்கி வருகிறவர்களைப் பார்க்கும்போது என் மனதில் ஓடும் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு 'ஒட்டாவா கணுக்கால் விதிகள்' என்று பெயர். கனடாவின் ஒட்டாவா நகரில் அவசரப் பிரிவு மருத்துவர் இயன் ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 1992-ல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு கணுக்கால் அடிபட்டு வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக்கூட முறிவு இருக்காது. எந்த அறிகுறி உண்மையிலேயே முறிவைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஸ்டீல் குழுவினர் 750 பேரைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் நின்றவை இரண்டே கேள்விகள்: எந்த எலும்பில் விரல் வைத்தால் வலிக்கிறது? நான்கு அடி நடக்க முடிகிறதா? வீக்கத்தின் அளவுக்கோ, கேட்ட சத்தத்துக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை.

வீக்கமும் சத்தமும் ஏன் சாட்சி ஆகாது

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் இழுபடுவது வெளிக் கணுவுக்கு முன்புறமாக, சற்றுக் கீழே இருக்கும் ஜவ்வுதான். அது கிழிந்தால் கூடவே சிறு இரத்தக் குழாய்களும் அறுபடும். அந்த இடத்தில் தோல் தளர்வாக இருப்பதால் இரத்தம் சட்டென்று தேங்கி, அரை மணி நேரத்திலேயே உருண்டையாக எழும்பிவிடும். நீங்கள் எழுதியிருக்கும் முட்டை வீக்கம் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். எலும்பில் ஒரு சின்ன விரிசல் விட்டால்கூட இவ்வளவு வீங்காமல் போகலாம். சத்தமும் அப்படித்தான். ஜவ்வு அறும்போதும் 'டொக்' என்று கேட்கும், எலும்பு முறியும்போதும் கேட்கும். கேட்டவருக்கு வித்தியாசம் தெரியாது.

விரல் அசைவதைப் பற்றி மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். கால்விரல்களை அசைக்கும் முக்கியமான தசைகள் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற நார்கள் கணுக்காலைக் கடந்து விரல்களுக்குப் போகின்றன. கணு எலும்பு முறிந்தாலும் அந்தக் கயிறுகள் அறுவதில்லை. அதனால் முறிந்த காலிலும் விரல் அசையும்.

நடந்ததும் அப்படியே. கீழ்க்காலில் இரண்டு எலும்புகள் உண்டு. உள்பக்கத்துத் தடித்த எலும்புதான் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குகிறது. வெளிப்பக்கத்து ஒல்லி எலும்பு தாங்குவது சிறு பங்குதான், வெளிக் கணு அதன் நுனி. அந்த நுனி முறிந்தவர்கள் வலியோடு நடந்தே என் அறைக்குள் வந்திருக்கிறார்கள். ஆகவே நடக்க முடிந்தது என்பது ஒரு நல்ல அறிகுறி என்ற அளவில்தான் நிற்கும். விரல் வைத்துப் பார்க்கும் சோதனையும் அதோடு சேர்ந்தால்தான் முடிவுக்கு வர முடியும்.

அந்த நான்கு அடி

இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், மருத்துவம் படிப்பவர்கள் உட்பட. நன்றாக நடக்க முடிகிறதா என்பதல்ல கேள்வி. ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை பாரம் மாற்றி, மொத்தம் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்பதுதான். நொண்டினாலும், முகம் சுளித்தாலும் கணக்கில் சேரும். இரண்டு வேளையில் இதைப் பார்க்க வேண்டும்: விழுந்த உடனே, பிறகு மருத்துவர் பரிசோதிக்கும்போது. இரண்டு வேளையிலுமே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே தேவை.

நீங்கள் விழுந்ததும் அறை வரை நடந்திருக்கிறீர்கள். ஆக, இந்தக் கேள்வியில் நீங்கள் தேறிவிட்டீர்கள். இன்று காலை நேற்றைவிட அதிகமாக வலிப்பது இயல்பு. இரவு முழுக்க வீக்கம் ஏறியிருக்கும், மூட்டும் இறுகியிருக்கும். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்.

விரல் வைக்க வேண்டிய இடங்கள்

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கணுவைச் சுற்றி எங்கே அழுத்தினாலும் வலிக்கத்தான் செய்யும். அப்படியிருக்க எலும்பின் வலியையும் ஜவ்வின் வலியையும் எப்படிப் பிரிப்பது? ஜவ்வுகள் பெரும்பாலும் கணுவின் முன்புறமும் அடிப்புறமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுளுக்கின் வலி அங்கேதான் திரண்டு நிற்கும். கணுவின் பின் விளிம்பில் விரல் வைத்தால் தோலுக்கு அடியில் எலும்பு அப்படியே கைக்குக் கிடைக்கும். அங்கே வலித்தால் அது எலும்பின் குரலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கணுவைப் பின்பக்கத்திலிருந்து தொட்டுப் பார்க்கச் சொல்கிறது இந்த விதி.

செய்யும் முறையைச் சொல்கிறேன், கணவரைச் செய்யச் சொல்லுங்கள். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். வெளிக் கணுவின் நுனியிலிருந்து பின் விளிம்பு வழியாக மேலே 6 செ.மீ. அளந்துகொள்ளுங்கள், மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலத்துக்குச் சற்று அதிகம். அந்த மேல் முனையில் தொடங்கி, கட்டைவிரலால் சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே நுனி வரை இறங்க வேண்டும். வலி அதிகமுள்ள இடத்தில் முதலில் கை வைத்துவிட்டால் பிறகு எங்கே தொட்டாலும் வலிப்பதாகத்தான் தோன்றும். அதனால்தான் மேலிருந்து கீழே. நுனியை மட்டும் தொட்டுவிட்டு நிறுத்துவது இன்னொரு தவறு. அதற்கு மேலே இரண்டு விரல் தள்ளி முறிந்திருந்தால் அது தப்பிவிடும். உள்பக்கக் கணுவிலும் இதே போல ஒரு முறை பார்க்க வேண்டும். இந்த இரண்டு விளிம்புகளில், அல்லது நுனிகளில், எங்காவது எலும்பு வலித்தால் கணுக்காலுக்கு எக்ஸ்ரே.

பாதத்துக்கு வேறு இரண்டு இடங்கள். ஒன்று, உள்பக்கக் கணுவுக்கு முன்னால், சற்றுக் கீழே, பாதத்தின் உள் வளைவுக்கு மேலாகத் தட்டுப்படும் மேடு. படகு போன்ற வடிவமுள்ள ஒரு சிறு எலும்பு அங்கே இருக்கிறது. மற்றொன்று நீங்கள் எழுதிய அதே இடம், வெளி ஓரத்துத் துருத்தல். சுண்டுவிரலுக்கு நேராகப் பின்னோக்கி வரும் நீள எலும்பின் அடிப்பகுதி அது. இவை இரண்டில் ஒன்று வலித்தாலும் பாதத்துக்கு எக்ஸ்ரே.

உங்கள் காலில் நடந்தது என்னவாக இருக்கலாம்

அந்தத் துருத்தலில் கெண்டைக்காலின் வெளிப்புறத்திலிருந்து வரும் ஒரு தசையின் நார் வந்து முடிகிறது. பாதத்தின் அடிப்பக்கத்து நார்ப்பட்டையின் ஒரு கிளையும் அங்கேயே பிடித்திருக்கிறது. பாதம் திடீரென்று உள்பக்கம் மடங்கும்போது இந்த நார்கள் விட்டுக்கொடுக்காமல் இறுகிப் பிடித்தால், தாம் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டையே பிய்த்து எடுத்துவிடும். கணுக்கால் சுளுக்கு எந்த வகையில் வருகிறதோ அதே வகையில்தான் இதுவும் வருகிறது. இரண்டும் ஒரே விழுதலில் சேர்ந்தும் வரலாம். பளிச்சென்று கண்ணில் படும் வீக்கம் கணுவில் இருப்பதால் எல்லோருடைய கவனமும் அங்கேயே போய்விடும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் இப்படி ஒருவரைத் தவறவிட்டிருக்கிறேன். வீங்கிய கணுக்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு நன்றாக இருந்தது, 'சுளுக்குதான்' என்று கட்டுப் போட்டு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அதே வலியோடு திரும்பி வந்தார். பாதத்தின் ஓரத்தைக் காட்டி, "அன்றைக்கே இங்கேதான் வலிக்கிறது என்று சொன்னேனே" என்றார். அந்த இடம் முதல் படத்தின் ஓரத்தில் வந்தும் வராமலும் நின்றிருந்தது. அன்று நான் அங்கே ஒரு விரல் வைத்திருந்தால் போதும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்: மருத்துவமனைக்குப் போகுமுன் அந்தத் துருத்தலில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். "கணுக்கால் வலி" என்று சொல்லாதீர்கள். "இந்தப் புள்ளியில் தொட்டால் தாங்க முடியவில்லை, பாதத்துக்கு எக்ஸ்ரே வேண்டுமா பாருங்கள்" என்று சொல்லுங்கள். பாதத்தைச் சாய்வாக வைத்து எடுக்கும் படத்தில் அந்த எலும்பு தெளிவாகத் தெரியும்.

மருத்துவர் கணுவின் பின் விளிம்புகளைத் தானே ஒரு முறை தொட்டுப் பார்ப்பார். அங்கே வலியில்லை என்று அவரும் உறுதி செய்தால் கணுக்காலுக்குத் தனியாக எக்ஸ்ரே தேவைப்படாது. அவர் அழுத்தும்போது வலித்தால் இரண்டையும் எடுக்கச் சொல்வார். அதில் முரண்பாடு ஒன்றுமில்லை. வீட்டில் செய்யும் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. நம்மில் யாருக்கும் நம் வலியை நடுநிலையாக அளக்க முடியாது. வீட்டில் அழுத்திப் பார்த்து 'வலிக்கிறது' என்று பட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். 'வலிக்கிறதோ, இல்லையோ' என்று குழம்பினாலும் போங்கள்.

முறிவு இருந்தால், இல்லாவிட்டால்

விதி 'எக்ஸ்ரே எடு' என்று சொன்னால் 'முறிந்துவிட்டது' என்று பொருளல்ல. ஒரு முறிவும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே வலையை அகலமாக வீசியிருக்கிறார்கள். அதனால் எக்ஸ்ரேக்கு அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எலும்பு நன்றாகவே இருக்கும். இந்த விதியின் பலம் மறுபக்கத்தில் இருக்கிறது. 'தேவையில்லை' என்று அது சொன்னால் நம்பலாம். 2003-ல் 27 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, மொத்தம் 15,581 பேரில் 47 பேருக்குத்தான் அது முறிவைத் தவறவிட்டிருந்தது.

உங்கள் படத்தில் அந்த எலும்பின் நுனி மட்டும் பிய்ந்திருந்தால் கலங்க வேண்டாம். பெரும்பாலும் மாவுக்கட்டுகூடத் தேவைப்படாது. அடிப்பகுதி வளையாத கெட்டியான காலணியோ, அதற்கென்றே உள்ள பூட்ஸோ போட்டுக்கொண்டு, வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கலாம். ஆறு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதே எலும்பில் நுனியிலிருந்து ஒன்றரை செ.மீ. அளவு தள்ளி, விரல் பக்கமாக முறிந்திருந்தால் கதை வேறு. அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஒட்டுவதற்குத் தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலே போகும். வாரக்கணக்கில் காலை ஊன்றாமல் இருக்கச் சொல்லலாம், சிலருக்கு ஸ்க்ரூ வைக்க வேண்டி வரலாம். இதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர் நடனமாடும்போது தம்முடைய பாதத்திலேயே முறிவு ஏற்பட்டதை 1902-ல் எழுதி வைத்தார். ஒரு செ.மீ. இப்படியோ அப்படியோ என்பதில் சிகிச்சையே மாறிவிடுவதால்தான் இந்த இடத்தில் ஊகத்தை நம்பாமல் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

படம் சுத்தமாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. முழுதாக அறுந்த ஜவ்வு உள்ள காலின் எக்ஸ்ரேயும் சுத்தமாகவே இருக்கும். கணவர் கணுக்காலுக்கு எக்ஸ்ரே கேட்பதில் எனக்குள்ள தயக்கமும் இதுதான். அதன் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு, அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. வேண்டாத இடத்தில் எடுத்த ஒரு நல்ல படம் தரும் பொய்யான நிம்மதிக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

உங்கள் மாமியாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்த விதி முழுக்க முழுக்க வலியை நம்பி நிற்கிறது. பாதம் மரத்துப் போனவருக்கு முறிந்த எலும்பை அழுத்தினாலும் வலிக்காது. முறிந்த காலிலேயே நான்கு அடி என்ன, நாள் முழுக்க நடப்பார். அவர் 'தேறிவிட்டார்' என்று நினைத்துவிடுவோம். அவருக்குக் கால் மடங்கி வீங்கினால் தொட்டுப் பார்த்து நேரம் கடத்தாமல் எக்ஸ்ரேக்கு அழைத்துப் போங்கள். விழுந்ததே நினைவில்லாமல், ஒரு பாதம் மட்டும் சூடாகவும் சிவந்தும் வீங்கியிருந்தாலும் அன்றே காட்டுங்கள். நீண்ட காலச் சர்க்கரையில் பாதத்தின் எலும்புகளும் மூட்டுகளும் வலியில்லாமலே நொறுங்கும் ஒரு நிலை உண்டு. அதன் தொடக்கம் அப்படித்தான் இருக்கும்.

போதையில் இருப்பவர், தலையில் அடிபட்டவர், இதைவிடப் பெரிய காயம் வேறெங்கோ உள்ளவர் ஆகியோரின் பதிலையும் இந்தச் சோதனையில் நம்ப முடியாது. வீக்கம் எலும்பே கைக்குத் தட்டுப்படாத அளவுக்கு இருந்தாலும், விழுந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தாலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தாலும் இந்த விதியைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது. பாதம் கோணலாகத் திரும்பியிருந்தால், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், விரல்கள் சில்லிட்டோ வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் எந்த விதியும் வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

உங்கள் காலில் இன்னும் ஒரே ஒரு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. விதியில் அது இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், அந்த ஒல்லி எலும்பின் தலை தட்டுப்படும். கணுக்கால் முறுக்கிக்கொள்ளும்போது அதன் விசை மேலே ஏறி அங்கே போய் முறிவை உண்டாக்குவது உண்டு. அங்கே அழுத்தி வலித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், படம் முழங்கால் வரை எடுக்க வேண்டியிருக்கும்.

படம் எடுக்கும் வரையில்

காலைத் தலையணைகளின் மேல், நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிடம் வைக்கலாம். தோல்மேல் நேராக வைக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜ் சுற்றினால் விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். அவை மரத்தாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துத் தளர்வாகச் சுற்றுங்கள். ஒவ்வாமையோ கல்லீரல் கோளாறோ இல்லையென்றால் வலிக்குப் பாராசிட்டமால் போதும். யாரும் காலைப் பிடித்து இழுக்கவோ, உருவி விடவோ வேண்டாம். நடந்தே ஆகவேண்டிய இடங்களுக்கு மட்டும், அடிப்பகுதி கெட்டியான காலணியோடு, குதிகாலில் பாரம் வைத்து நடங்கள்.

எலும்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் பாதத்தை மேலும் கீழுமாக மெல்ல அசைக்கத் தொடங்குங்கள். அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் வலி குறைந்து நடை சற்றாவது தேற வேண்டும். தேறவில்லை என்றால், முதல் படம் சுத்தமாக இருந்தாலும் திரும்பப் போய்க் காட்டுங்கள். பாதத்தின் சில சிறு எலும்புகளில் உள்ள விரிசல் முதல் நாள் படத்தில் ஒளிந்திருந்து பின்னால் தெரிய வருவது உண்டு. அன்றும் போகுமுன் வலிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.